தவணையில் தருகிறோம் என்று சொல்வதற்கு முன்: சரக்கு கொடுத்தவரிடம் அவகாசம் கேட்கும் முறை

ஆனி மாதம் வந்துவிட்டால் இடுக்கி மலையோரக் கடைகளில் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒன்று, தோட்டக்காரர்கள் கடைக்குத் தரவேண்டிய உரம், மருந்துப் பாக்கி. மற்றது, அந்தக் கடை கம்பத்திலோ போடிநாயக்கனூரிலோ உள்ள மொத்த வியாபாரிக்குத் தரவேண்டிய பில் தொகை. முதல் கணக்கு ஏலக்காய் விற்றால்தான் வரும். இரண்டாவது கணக்குக்குத் தேதி குறித்தாகிவிட்டது. இரண்டுக்கும் இடையில் உள்ள மாதங்களைக் கடப்பதற்காகச் சரக்கு கொடுத்தவரிடம் தவணை கேட்பது எவ்வாறு, எத்தனை தவணை, எந்தத் தேதிகளில் என்பதை இக்கட்டுரையில் ஒரு கணக்கின் வழியே விளக்குகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சரக்கு கொடுத்தவர்கள் பெரும்பாலும் தவணைக்கு மறுப்பதில்லை. அவர்கள் உறவை முறித்துக்கொள்வது, ஒப்புக்கொண்ட தவணைகளில் முதலாவதோ இரண்டாவதோ தவறும்போதுதான். ஆகவே கேட்கும் சாமர்த்தியத்தைவிட, கேட்பதற்கு முன் போடும் அட்டவணையே முக்கியமானது.

பணம் எப்போது வரும்?

வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பகுதிகளில் ஏலக்காய் எடுப்பு சாதாரணமாக ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். ஒரே செடியில் காய்கள் ஒன்றாக முற்றுவதில்லை. எனவே ஒரு எடுப்புக்கும் அடுத்த எடுப்புக்கும் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை இடைவெளி இருக்கும். பறித்த பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் எடை நிற்கும். உலர்ந்த காய் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்துக்கோ உள்ளூர் வியாபாரியிடமோ போகும். ஏலத்தில் விற்றவருக்குப் பணம் அன்றே கைக்கு வராது. வந்த பணத்திலும் எல்லையைத் தாண்டி ஜீப்பில் வரும் தொழிலாளிகளின் கூலிதான் முதலில் போகும். உரக்கடைப் பாக்கி அதற்கும் பின்னால்தான் நிற்கும்.

ஆகவே எடுப்பு தொடங்கும் தேதியைத் தவணைத் தேதியாக எழுதுவது தவறு. எடுப்பு, உலர்த்தல், ஏலம், பட்டுவாடா ஆகிய நான்கையும் கணக்கிட்டால், முதல் எடுப்பின் பணம் கடைக்கு வர ஒரு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து ஏலச்செடிகள் காய்ந்ததை இப்பகுதி வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய ஆண்டில் முதல் எடுப்பே தள்ளிப்போகும். முதல் எடுப்பில் கிடைக்கும் காயும் குறையும்.

விலையையும் இப்படியே பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022இல் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இன்றைய ஏலத்தில் பேசப்படும் உச்ச விலையை வைத்து, ‘இந்த விலைக்குத் தோட்டக்காரர்கள் பாக்கியை மொத்தமாகக் கட்டிவிடுவார்கள்’ என்று தவணை போடுபவர், இறங்கும் ஏலத்துக்குத் தம் சொல்லை அடகு வைக்கிறார்.

பாலக்காட்டு எல்லையில் காரணம் வேறு, கணக்கு ஒன்றே. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிக் கடைகள் பொள்ளாச்சியிலும் கோவையிலும் சரக்கெடுக்கின்றன. அங்கே கடனுக்கு வாங்குபவர் நெல் விவசாயி. அரசு கொள்முதல் நிறுவனமான சப்ளைகோவிடம் நெல்லை அளந்து ரசீது வாங்கிய நாளும், அந்தப் பணம் அவரது வங்கிக் கணக்கில் ஏறும் நாளும் ஒன்றல்ல. இடைவெளி பல வாரங்களாக நீண்ட ஆண்டுகளும் உண்டு. ஆகவே அங்கும் அறுவடை நாளைத் தவணை நாளாக்காமல், பணம் கணக்கில் ஏறும் நாளைக் கொண்டே அட்டவணை போட வேண்டும்.

ஒரு கடையின் கணக்கு

வண்டன்மேட்டுப் பகுதியில் ஓர் உரக்கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடைக்காரர் கம்பத்து மொத்த வியாபாரியிடம் 45 நாள் கடனில் மூன்று பில்களுக்குச் சரக்கு எடுத்திருக்கிறார். மார்ச் 25ஆம் தேதி பில் 1,40,000 ரூபாய். மே 2ஆம் தேதி பில் 2,10,000 ரூபாய். மே 28ஆம் தேதி பில் 1,30,000 ரூபாய். மொத்தம் 4,80,000 ரூபாய். ஜூலை முதல் வாரத்தில் முதல் இரண்டு பில்களும் தவணை கடந்துவிட்டன. மூன்றாவதற்கு ஜூலை 12ஆம் தேதி கெடு. தோட்டக்காரர்கள் கடைக்குத் தரவேண்டிய பாக்கி 6,20,000 ரூபாய். கோடை மழை தாமதமானதால் முதல் எடுப்பு ஆகஸ்டு பிற்பகுதிக்குத் தள்ளிப்போய்விட்டது.

இவர் செய்யவேண்டிய முதல் வேலை, கடனைக் குறைப்பது. மே 2ஆம் தேதி பில்லில் வந்த சரக்கில் 40,000 ரூபாய் மதிப்புள்ளவை உறை பிரிக்காமல் இருக்கின்றன. காலாவதிக்கும் நாள் இருக்கிறது. அவற்றைத் திருப்பிக் கொடுத்து கிரெடிட் நோட்டு வாங்கிக்கொண்டால் கடன் 4,40,000 ரூபாயாகிறது. விற்காத சரக்கைப் பதுக்கி வைத்துக்கொண்டு அவகாசம் கேட்பதைவிட, அதைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்பது மொத்த வியாபாரியின் நம்பிக்கையையும் கூட்டும்.

இரண்டாவது வேலை, மாதந்தோறும் கையில் உண்மையாகவே எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பது. ஜூலை மாதத்தை மட்டும் விரித்துப் பார்ப்போம். ரொக்க விற்பனை 2,40,000. பழைய பாக்கி வசூல் 20,000. ஆக வரவு 2,60,000 ரூபாய். செலவில் புதிய சரக்குக்கு ரொக்கமாக 1,60,000, சம்பளம், வாடகை, மின்கட்டணம் 35,000, வங்கித் தவணை 15,000, குடும்பச் செலவு 25,000. ஆக 2,35,000 ரூபாய். மிச்சம் 25,000 ரூபாய்.

இங்கே பலர் விட்டுவிடும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று குடும்பச் செலவு. அதை எழுதாமல் விட்டால் அது நின்றுவிடாது, தவணைப் பணத்திலிருந்து போகும். மற்றது புதிய சரக்கு. பழைய கடனை அடைக்க வேண்டும் என்பதற்காக அலமாரியைக் காலியாக விட்டால் அடுத்த மாத விற்பனை விழும். அதோடு தவணையும் விழும்.

இதே முறையில் மற்ற மாதங்களையும் போட்டால் கிடைப்பது இது:

ஜூலை: வரவு 2,60,000, செலவு 2,35,000, மிச்சம் 25,000.
ஆகஸ்டு: வரவு 3,10,000, ஓணச் செலவையும் சேர்த்துச் செலவு 2,60,000, மிச்சம் 50,000.
செப்டம்பர்: வரவு 4,10,000, செலவு 2,50,000, மிச்சம் 1,60,000.
அக்டோபர்: வரவு 4,50,000, செலவு 2,50,000, மிச்சம் 2,00,000.
நவம்பர்: வரவு 3,60,000, செலவு 2,50,000, மிச்சம் 1,10,000.

ஐந்து மாத மிச்சம் 5,45,000 ரூபாய். இதில் 6,20,000 ரூபாய்ப் பாக்கியும் முழுதாக வந்துவிடும் என்று நாம் எழுதவில்லை. 5,50,000 ரூபாய் வரும், 70,000 ரூபாய் இந்தப் பருவத்தில் வராது என்றே வைத்திருக்கிறோம். இந்த மாதங்களில் புதிதாகக் கடனுக்கு விற்பதில்லை என்பதும், சரக்குக் கையிருப்பு சற்றுக் குறைந்துகொண்டே வரும் என்பதும் கணக்கின் நிபந்தனைகள். பருவம் முடியும்போது கையிருப்பு குறைவது இயல்பு என்பதால் அது ஆபத்தல்ல.

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்ய வேண்டும். மிச்சம் கடனைவிடக் கூடுதலாக இருந்தால், உங்களுக்கு உள்ளது காலத் தட்டுப்பாடு. அதற்குத் தவணை மருந்தாகும். ஐந்தாறு மாத மிச்சம் முழுவதையும் சேர்த்தாலும் கடனுக்கு எட்டவில்லை எனில், அது நட்டம். அதைத் தவணையால் தீர்க்க முடியாது. சரக்கைக் குறைப்பது, வாராக் கடனை ஒப்புக்கொள்வது, மூலதனம் கொண்டுவருவது போன்ற வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தில் நான்கு

மிச்சம் இருப்பதை அப்படியே வாக்களித்துவிடக் கூடாது. நூறு ரூபாய் மிஞ்சும் என்று தெரிந்தால் எண்பது ரூபாய்க்கே வாக்குக் கொடுக்க வேண்டும். மீதி இருபது, கணக்கில் வராத ஒரு மருத்துவச் செலவுக்கோ ஒரு வாரம் தாமதமாகும் ஏலப் பட்டுவாடாவுக்கோ தாங்கும் பலகை. நம் எடுத்துக்காட்டில் கடன் 4,40,000, மிச்சம் 5,45,000. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே இந்தக் கடன் ஐந்து மாதத்தில் தாங்கக்கூடியதே.

ஆனால் சம தவணை போட்டால் என்ன ஆகும்? 4,40,000 ரூபாயை ஐந்தால் வகுத்தால் மாதம் 88,000 ரூபாய். ஜூலையில் கையில் இருப்பது 25,000. முதல் தவணையே தவறும். சம தவணை கேட்பதற்கு எளிது, எழுதுவதற்கும் அழகு. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். பருவத்தை நம்பும் கடைக்குப் பொருந்தாது.

தேதிகளை எதைக் கொண்டு நிர்ணயிப்பது? ஒரு பக்கம் பணம் வரும் நாள். மற்றொரு பக்கம் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் வைக்கும் ஒரு கெடு. பில் தேதியிலிருந்து 180 நாள்களுக்குள் சரக்கு கொடுத்தவருக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லின் மீது நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை, பணம் தராத பகுதியின் அளவுக்கு, வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் தந்ததும் அந்த வரவை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டிய வட்டி போனது போனதுதான். கையில் பணம் இல்லாத நேரத்தில் வரிக்கென்று ஒரு தொகை வெளியேறுவதும் சுமை. சரக்கு கொடுத்தவர் மனமுவந்து அவகாசம் தந்தாலும் இந்தக் கெடு நீளாது.

நம் மூன்று பில்களுக்கும் 180ஆம் நாள் முறையே செப்டம்பர் 21, அக்டோபர் 29, நவம்பர் 24. இந்த மூன்று நாள்களையும் மாத மிச்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அட்டவணை தானாகவே உருவாகிறது:

ஜூலை 20: 20,000 ரூபாய், மார்ச் 25 பில்லுக்கு.
ஆகஸ்டு 20: 40,000 ரூபாய், அதே பில்லுக்கு.
செப்டம்பர் 19: 80,000 ரூபாய். மார்ச் 25 பில் தீர்கிறது.
அக்டோபர் 26: 1,70,000 ரூபாய். மே 2 பில் தீர்கிறது.
நவம்பர் 20: 1,30,000 ரூபாய். மே 28 பில் தீர்கிறது.

அக்டோபர்த் தவணை பெரிதாகத் தோன்றலாம். செப்டம்பரில் மிஞ்சும் 1,60,000 ரூபாயில் 80,000 மட்டுமே அந்த மாதத் தவணைக்குப் போகிறது. மீதியை வேறு எதற்கும் எடுக்காமல் அக்டோபருக்காகத் தனியாக வைக்க வேண்டும். கடைக் கணக்கிலேயே விட்டுவைத்தால் அது கரைந்துவிடும். ஒரு மாதத்துக்குக் குறுகிய கால வைப்பாகவோ தனிச் சேமிப்புக் கணக்கிலோ ஒதுக்கி வைப்பது நல்லது.

எதிரே அமர்ந்திருப்பவரின் கணக்கு

மொத்த வியாபாரியும் ஒரு வங்கியில் ரொக்கக் கடன் கணக்கு வைத்திருப்பவர்தான். அவர் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பதை அவரது சரக்கு இருப்பையும், அவருக்கு வரவேண்டிய பாக்கிகளையும் கொண்டு வங்கி மாதந்தோறும் கணக்கிடுகிறது. பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது உங்கள் மார்ச் 25 பில் 90 நாளைத் தாண்டியபோது, அந்தத் தொகைக்கு ஈடாக அவர் பெற்றிருந்த வசதியும் சுருங்கிவிட்டது. அவர் தொலைபேசியில் கடுமையாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைப் புரிந்துகொண்டால் எதைத் தரலாம் என்பதும் புரியும். பழைய பில்லை முதலில் தீர்ப்பது அவருக்கு வேண்டியது. இனி எடுக்கும் சரக்குக்கு ரொக்கம் தருவது, பாக்கி மேலும் ஏறாது என்ற உறுதியை அவருக்கு அளிக்கும். நிலுவைக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி தர முன்வரலாம். நம் அட்டவணையில் ஜூலை 20 முதல் கணக்கிட்டால் அது மொத்தம் சுமார் 12,800 ரூபாய்தான். அதே பணத்தை வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி இவரது பாக்கியைத் தீர்த்தால் சுமார் 38,000 ரூபாய் ஆகும்.

நேரில் போவதே முறை. குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஒரு மணி நேரப் பயணம் பெரிதல்ல. பற்று வரவுக் கணக்கை இரு தரப்பும் ஒத்துப்பார்த்து, நிலுவைத் தொகையில் வேறுபாடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே தவணைப் பேச்சைத் தொடங்க வேண்டும். ‘அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்குங்க, சீசன்ல பார்த்துத் தந்துடறேன்’ என்ற பேச்சில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. ‘நாலு லட்சத்து நாற்பதாயிரம் நிலுவை. இன்னிக்கு இருபதாயிரத்துக்குத் தேதி சொல்றேன். நவம்பர் இருபதுக்குள்ள எல்லாம் தீரும். இந்தத் தாள்ல எழுதியிருக்கேன்’ என்றால், எதிரே இருப்பவர் அந்தத் தாளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். முதல் பில்லின் கெடுவுக்கு முன்பே, அதாவது மே முதல் வாரத்திலேயே போயிருந்தால் பேச்சு இன்னும் எளிதாக இருந்திருக்கும். கெடு கடந்த பின் கேட்பதைவிட, கடக்கும் முன் கேட்பது மரியாதையான நிலை.

எழுத்தில் இருக்கவேண்டியவை

வாய்ப்பேச்சு முடிந்ததும் அதைக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு, அவரது ஒப்புதல் கையெழுத்துடன் ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கடிதம் இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மார்ச் 25, மே 2, மே 28 தேதியிட்ட மூன்று பில்களில், திருப்பி அனுப்பிய சரக்கின் மதிப்பு 40,000 ரூபாய் நீங்கலாக, ஜூலை 6 அன்று தங்களுக்கு நாங்கள் தரவேண்டியது 4,40,000 ரூபாய் என்று இரு தரப்பும் ஒத்துப்பார்த்துள்ளோம். மழை தாமதத்தால் ஏலக்காய் எடுப்பு தள்ளிப்போனதால், இத்தொகையைக் கீழ்க்காணும் ஐந்து தவணைகளில் தர அனுமதிக்கக் கோருகிறோம். ஒவ்வொரு தவணையும் அதன் எதிரே குறித்துள்ள பில்லுக்கே வரவு வைக்கப்பட வேண்டும். இன்று முதல் எடுக்கும் சரக்குக்கு ரொக்கம் செலுத்துவோம். ஏதேனும் தவணை தாமதமாகும் எனத் தெரிந்தால் குறைந்தது ஏழு நாள் முன்னதாகத் தெரிவித்து, அந்நாளில் இயன்ற தொகையைச் செலுத்தி, மீதிக்குத் தேதி தருவோம்.”

இதன் கீழே முன்பு கண்ட ஐந்து வரி அட்டவணை இடம்பெறும். இக்கடிதத்தில் இரண்டு வாசகங்களுக்குச் சட்ட முக்கியத்துவம் உண்டு. நிலுவைத் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதால், காலவரையறைச் சட்டப்படி வழக்குத் தொடுக்கும் மூன்றாண்டுக் காலம் அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. இது சரக்கு கொடுத்தவருக்குச் சாதகம். அவர் கையெழுத்திட முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே தொகையைச் சரிபார்க்காமல் எழுதிக் கொடுக்கலாகாது. அடுத்தது, எந்தத் தவணை எந்தப் பில்லுக்கு என்ற வாசகம். ஒப்பந்தச் சட்டப்படி, பணம் தருபவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லித் தந்தால் பெறுபவர் அதை அப்படியே வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் தந்தால் தெரிவு அவர் கைக்குப் போய்விடலாம். அப்போது 180 நாள் கணக்கு குழம்பும். பணம் அனுப்பும்போது வங்கிப் பரிமாற்றக் குறிப்பிலும் பில் எண்ணை எழுதுவது இதற்காகத்தான்.

முன்தேதியிட்ட காசோலை கேட்டால்

ஐந்து தவணைக்கும் ஐந்து காசோலை கேட்பது இப்பகுதி வழக்கம். மறுப்பது எளிதல்ல, ஆனால் விளைவை அறிந்து தர வேண்டும். கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின் கீழ் அது குற்றம். வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் எழுத்து மூலம் கேட்கலாம். அந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் தராவிட்டால் வழக்குத் தொடரலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மின்னணு முறையில் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடு பணமின்றித் திரும்பினாலும் ஏறக்குறைய இதே நிலைதான். 2015இல் வந்த திருத்தத்தின்படி, கணக்கில் போடப்பட்ட காசோலைக்கான வழக்கு, அதைப் பெற்றவரின் வங்கிக் கிளை உள்ள ஊரின் நீதிமன்றத்தில் நடக்கும். கம்பத்துக் கிளையில் போடப்பட்ட காசோலைக்காக வண்டன்மேட்டுக்காரர் தேனி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்வர நேரும்.

ஆகவே முதல் இரண்டு சிறு தவணைகளுக்குக் காசோலை தந்து, மற்றவற்றுக்கு முந்தைய தவணை தீர்ந்ததும் தருவதாகப் பேசிப் பாருங்கள். தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் இட்ட காசோலையை எவரிடமும் தராதீர்கள். தவணை கட்டியதும் அதற்குரிய காசோலையைத் திரும்பப் பெறுவதும் உங்கள் பொறுப்பு.

அவர் உற்பத்தியாளராக இருந்தால்

நம் எடுத்துக்காட்டில் சரக்கு கொடுத்தவர் மொத்த வியாபாரி. அவரே வேப்பம் புண்ணாக்கோ இயற்கை உரமோ தயாரித்து, உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்தினர் என்றால் நிலைமை மாறும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஒப்பிய நாளுக்குள்ளும், எப்படியும் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக, கேட்க அவருக்கு உரிமை உண்டு. நவம்பர் வரை தவணைக்கு அவர் இசைந்தாலும் இந்த 45 நாள் வரம்பு விலகிவிடுவதில்லை. 2023-24 நிதியாண்டு முதல் இன்னொன்றும் சேர்ந்துள்ளது: இந்த வரம்பைத் தாண்டிய தொகையை, வருமான வரிக் கணக்கில் அதை உண்மையாகக் கட்டிய ஆண்டிலேயே செலவாகக் காட்ட முடியும். ஆகவே அத்தகையவரின் பில்லை மார்ச் 31ஐத் தாண்டி இழுக்கலாகாது. வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம் என்றாலும், அது முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே. தாமத வட்டிப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. பல பேரிடம் பாக்கி இருந்தால், எவர் உற்பத்தியாளர் என்று உத்யம் சான்றிதழைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அவரை முன் வரிசையில் வையுங்கள்.

தவறப்போவதை முன்னறிதல்

அட்டவணை தவறுவது தவணை நாளில் திடீரென நடப்பதல்ல. இரண்டு மூன்று வாரம் முன்பே தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் தோட்டக்காரர்களிடமிருந்து வந்த பழைய பாக்கியை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். செப்டம்பரில் இப்படி 1,60,000 ரூபாய் வசூலாகும் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 12ஆம் தேதி வரை 40,000 கூட வரவில்லை என்றால், 19ஆம் தேதித் தவணை ஆடுகிறது என்று பொருள். அன்றே அழைத்து, ‘எண்பதில் ஐம்பது 19ஆம் தேதி வரும், முப்பது 28ஆம் தேதி’ என்று சொல்லிவிடுங்கள். அந்த முப்பதாயிரம் செப்டம்பர் 21ஆம் தேதிக் கெடுவைத் தாண்டுவதால், அதற்குரிய வரி வரவைப் பற்றி உங்கள் கணக்காளரிடமும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு முறை மாற்றலாம். இரண்டாவது முறையும் மாற்ற நேர்ந்தால் அட்டவணையின் அடித்தளமே பிழை. மாத மிச்சத்தை மீண்டும் முதலிலிருந்து கணக்கிட வேண்டும்.

இன்னொரு அறிகுறி, ஒருவருக்குத் தவணை கட்ட மற்றொருவரிடம் புதிதாகக் கடனுக்குச் சரக்கு எடுப்பது. அப்போது கடன் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கடைசியாக, உங்கள் வங்கிக் கிளைக்கும் இந்த அட்டவணையின் ஒரு நகலைத் தாருங்கள். நீங்கள் தரும் மாதச் சரக்கு அறிக்கையில், பணம் தராத சரக்கின் மதிப்பைக் கழித்த பிறகே எடுக்கும் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. மொத்த வியாபாரியிடம் அவகாசம் பெற்ற தொகையைக் காட்டாமல் விட்டால், பின்னர் ஆய்வில் தெரியவரும்போது விளக்கம் சொல்ல வேண்டிவரும். முன்கூட்டியே காட்டினால், அக்டோபர்த் தவணைக்கு ஏலப் பணம் பத்து நாள் தாமதமாகும்போது, கிளை மேலாளரிடம் தற்காலிகக் கூடுதல் வசதி கேட்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். அந்த விண்ணப்பத்தையும் அக்டோபர் 26ஆம் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கொண்டுவாருங்கள்.